எருமைப்பாலில் கிரீம் பிரித்து 4.6-க்குக் கொண்டுவருவது: சிறிய செபரேட்டருடன் ஒரு காலை வேலை

வீட்டில் நாலைந்து எருமை வைத்திருப்பவர்கள் கிரீம் செபரேட்டர் வாங்குவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். பாலில் கொழுப்பு 7 சதவீதம் இருக்கிறது, வாடிக்கையாளர் கேட்பதோ பச்சைப் பாக்கெட் பால் மாதிரி 4.5 சதவீதம். மிச்சக் கொழுப்பை எடுத்தால் நெய்யாகும். கணக்கு சரிதான். ஆனால் எந்திரம் வந்து இறங்கியதும், பிரிப்பது சுலபமாகவும் திரும்பக் கலந்து சொன்ன அளவுக்குக் கொண்டுவருவது குழப்பமாகவும் இருக்கும். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது பாதிக்காகவே எழுதியது. உதாரணத்துக்கு 30 கிலோ எருமைப்பால், கொழுப்பு 7.0 சதவீதம், இலக்கு 4.6 சதவீதம் என்று வைத்துக்கொண்டு முழு வேலையையும் ஒருமுறை செய்து பார்க்கலாம்.

இலக்கு 4.5 ஆக இல்லாமல் ஏன் 4.6? ஸ்டாண்டர்டைஸ்டு பால் என்றால் கொழுப்பு குறைந்தது 4.5, கொழுப்பில்லாத திடப்பொருள் (எல்லாரும் எஸ்.என்.எஃப். என்று சொல்வது) குறைந்தது 8.5 இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. நம் கையில் இருக்கும் சோதனைகளில் 0.1 முன்னே பின்னே வருவது சகஜம். கோட்டின் மேலேயே நின்றால் பாதி நாள் கோட்டுக்குக் கீழே போய்விடும்.

முதலில் ஒரு முடிவு: கிரீமைத் திரும்பக் கலக்காதீர்கள்

புதிதாக வருபவர்கள் செய்ய நினைப்பது இது: எல்லாப் பாலையும் எந்திரத்தில் விட்டு, ஒரு பக்கம் ஸ்கிம் பால், ஒரு பக்கம் கிரீம் என்று எடுத்துக்கொண்டு, பிறகு ஸ்கிம் பாலில் வேண்டிய அளவு கிரீமை ஊற்றிக் கலக்குவது. கேட்க நியாயமாக இருக்கிறது. சிக்கல் கிரீமில் இருக்கிறது. அதன் கொழுப்பு ஒவ்வொரு நாளும் மாறும். பால் இரண்டு டிகிரி ஆறியிருந்தால் மாறும், மின்னழுத்தம் குறைந்து மோட்டார் மெதுவாகச் சுற்றினால் மாறும், குழாயை எவ்வளவு திறந்தோம் என்பதற்கு ஏற்பவும் மாறும். 40 சதவீதம் என்று நினைத்துக் கலக்கிய கிரீம் உண்மையில் 36 ஆக இருந்தால், 4.6-க்குத் திட்டமிட்ட பால் 4.15-இல் வந்து நிற்கும். கிட்டத்தட்ட அரை சதவீதம் அடி.

அதற்குப் பதிலாக, பாலில் ஒரு பகுதியை மட்டும் பிரித்து, அதில் வரும் ஸ்கிம் பாலை மீதி முழுப்பாலில் ஊற்றுங்கள். இங்கே நமக்குத் தெரிய வேண்டியது இரண்டே எண்கள்: முழுப்பாலின் கொழுப்பு, ஸ்கிம் பாலின் கொழுப்பு. முதல் எண்ணைச் சோதித்துத் தெரிந்துகொள்ளலாம். இரண்டாவது எப்போதும் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும். ஸ்கிம் பால் 0.1 என்று நினைத்தது 0.3 ஆக இருந்தாலும் நம் 4.6 பால் 4.67 ஆகும், அவ்வளவுதான். கிரீம் கெட்டியாக வந்ததா, நீர்த்து வந்ததா என்பது கலவையைத் தொடவே தொடாது. அது நெய்க்குப் போகிற பொருள், அங்கே போய்க் கணக்குத் தீர்த்துக்கொள்ளலாம்.

இனி வரும் எல்லாம் இந்த வழிக்கானது.

கணக்கு

கால்குலேட்டர் தேவைப்படும், பயப்பட ஒன்றுமில்லை. முழுப்பால் 7.0. ஸ்கிம் பால் 0.1. இலக்கு 4.6. பால் துறையில் இதைச் சதுரம் போட்டுக் காட்டுவார்கள். நாம் இரண்டு கழித்தலாகவே செய்வோம்.

இலக்கிலிருந்து ஸ்கிம் பாலைக் கழித்தால் 4.6 − 0.1 = 4.5. இது முழுப்பாலின் பங்கு. முழுப்பாலிலிருந்து இலக்கைக் கழித்தால் 7.0 − 4.6 = 2.4. இது ஸ்கிம் பாலின் பங்கு. அதாவது 4.5 கிலோ முழுப்பாலுக்கு 2.4 கிலோ ஸ்கிம் பால். எதிலிருந்து எதைக் கழித்தோமோ, அதன் விடை எதிர்ப்பக்கத்துப் பாலுக்குப் போகிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இதை மாற்றிப் போட்டுவிட்டால் கலவை 2.5 பக்கம் இறங்கிவிடும்.

இப்போது 30 கிலோவில் எவ்வளவைப் பிரிக்க வேண்டும்? சமன்பாடு போட்டுக் கண்டுபிடிக்கலாம், 11.8 கிலோ என்று வரும். ஆனால் பிரிக்கும்போது கிண்ணத்தில் கொஞ்சம் தங்கும், கொஞ்சம் சிந்தும். அதனால் 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மீதி 18 கிலோ முழுப்பால். அதற்குத் தேவையான ஸ்கிம் பால்:

```
18 × 2.4 ÷ 4.5 = 9.6
```

12 கிலோவைப் பிரித்தால், கிரீம் 40 சதவீதத்தில் வந்தால், சுமார் 2.1 கிலோ கிரீமும் 9.9 கிலோ ஸ்கிம் பாலும் கிடைக்கும். நமக்கு 9.6 போதும். மிஞ்சுகிற முந்நூறு கிராம் ஸ்கிம் பாலுக்கு ஒரு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன். சரிபார்ப்போம்: 18 கிலோவில் கொழுப்பு 1.26 கிலோ, 9.6 கிலோ ஸ்கிம் பாலில் பத்து கிராமுக்கும் குறைவு, மொத்த எடை 27.6 கிலோ. வகுத்தால் 4.6 சதவீதம்.

உங்கள் பால் 6.5 ஆக இருந்தாலும் 8 ஆக இருந்தாலும் இதே இரண்டு கழித்தல்தான். 8 என்றால் இன்னும் அதிகப் பாலைப் பிரிக்க வேண்டியிருக்கும், 6.5 என்றால் குறைவாக.

எல்லாம் கிலோவில். லிட்டரில் அளக்கத் தொடங்கினால் தொல்லை. ஒரு லிட்டர் பால் 1.03 கிலோ இருக்கும், ஒரு லிட்டர் கிரீம் அதைவிட லேசானது. அதைவிடப் பெரிய தொல்லை நுரை. எந்திரத்திலிருந்து வரும் ஸ்கிம் பாலில் பாத்திரத்தின் கால்வாசிக்கு நுரை நிற்கும், அதை லிட்டர் அளவையால் அளந்தால் ஏமாந்துவிடுவோம். 50 கிலோ வரை நிறுக்கும் சாதாரண எலக்ட்ரானிக் தராசு, 10 கிராம் காட்டினால் போதும். கேன்களின் வெறும் எடையை மார்க்கரால் அடியில் எழுதி வைத்துவிடுங்கள்.

7.0 என்பது எங்கிருந்து வந்தது

இந்த எண் தவறானால் மற்றதெல்லாம் தவறு. எருமைக்கு எருமை மட்டுமல்ல, ஒரே எருமைக்குக் காலைப் பாலும் மாலைப் பாலும் வேறு. கறவையின் முதல் பாலைவிடக் கடைசிப் பாலில் கொழுப்பு மிக அதிகம். எனவே எல்லாப் பாலையும் ஒரே கேனில் ஊற்றி, கலக்குக் கம்பியால் மேலும் கீழுமாக நன்றாகக் கலக்கி, அப்புறம்தான் மாதிரி எடுக்க வேண்டும். அரை மணி நேரம் சும்மா நின்ற பாலின் மேலிருந்து ஒரு டம்ளர் மொண்டால் கிடைப்பது மேல் அடுக்கின் கொழுப்பு.

சோதிக்க இரண்டு வழி. பால் சொசைட்டியில் இருக்கும் அனலைசரில் மாதிரி கொடுத்துப் பார்ப்பது எளிது. அல்லது கெர்பர் முறை: பியூட்டிரோமீட்டர் என்ற கண்ணாடிக் குழாயில் 10 மி.லி. கெர்பர் கந்தக அமிலம், அதன் மேல் சுவரோரமாக மெல்ல 10.75 மி.லி. பால், கடைசியாக 1 மி.லி. அமைல் ஆல்கஹால். ரப்பர் அடைப்பானை இறுக்கிக் குலுக்கி, சுழல் எந்திரத்தில் நிமிடத்துக்கு 1,100 சுற்றில் சில நிமிடம் வைத்து, 65 டிகிரித் தண்ணீரில் நிறுத்திக் கொழுப்புப் பட்டையைப் படிக்க வேண்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: அது 90 சதவீத அமிலம். குலுக்கும்போது குழாய் கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சூடாகும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல், செய்து பழகியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் முதல்முறை செய்யாதீர்கள். தினமும் 30 கிலோ கையாள்பவர் கெர்பர் செட்டு வாங்கத் தேவையில்லை என்பது என் கருத்து. மாதிரியைச் சொசைட்டியில் கொடுத்துப் பார்த்தாலே போதும்.

லாக்டோமீட்டர் இதற்கு உதவாது. அது பாலின் அடர்த்தியைக் காட்டும், கொழுப்பைக் காட்டாது. கிரீமை எடுத்தால் பால் கனமாகி டிகிரி ஏறும். கிரீமையும் எடுத்துவிட்டுத் தண்ணீரையும் ஊற்றினால் லாக்டோமீட்டர் பழைய இடத்திலேயே நிற்கும். அந்தக் காலத்துப் பால்காரர்கள் சிலருக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது.

எந்திரத்துக்குள் என்ன நடக்கிறது

மேலே பால் தொட்டி, அதன் அடியில் குழாய். குழாய்க்குக் கீழே ஒரு சின்ன அறையில் மிதவை, ஓட்டத்தைச் சீராக வைப்பதற்கு. அதற்கும் கீழே இரண்டு மூக்குகள்: மேல் மூக்கில் கிரீம், கீழ் மூக்கில் ஸ்கிம் பால். எல்லாவற்றுக்கும் அடியில் சுழலும் கிண்ணம். மின்சாரத்தில் ஓடும் பல சிறிய எந்திரங்களில் இது நிமிடத்துக்கு 10,000 சுற்றை ஒட்டிச் சுழலும்.

கிண்ணத்துக்குள் கூம்பு வடிவத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். 1878-இல் ஸ்வீடனின் குஸ்தாவ் டி லாவால் செய்த செபரேட்டரில் கிண்ணம் வெறுமையாகவே இருந்தது. தட்டுகளை அடுக்கும் யோசனை பின்னால் ஒரு ஜெர்மானியரிடமிருந்து வந்தது. தட்டுகளுக்கு இடையே பால் மெல்லிய படலமாகப் பிரிவதால், கொழுப்புத் துளி ஒதுங்க வேண்டிய தூரம் மில்லிமீட்டருக்கும் குறைவு. கனமான ஸ்கிம் பால் வெளியோரமாகத் தள்ளப்படும், லேசான கிரீம் நடுத்தண்டை நோக்கி வரும். நமக்கு இதில் தெரிந்திருக்க வேண்டியது, தட்டுகளுக்கு இடையே இருக்கும் அந்தச் சந்து மிகச் சிறியது என்பதுதான். திரிந்த பாலின் ஒரு துணுக்கு, ஒரு முடி, பழைய கிரீமின் காய்ந்த படலம் எதுவானாலும் அங்கே போய் அடைக்கும். சீம்பாலை எந்திரத்தில் விடவே கூடாது. கன்று ஈன்ற முதல் நாட்களின் பால் உள்ளேயே பசையாகப் பிடித்துவிடும்.

கிரீம் வெளியேறும் இடத்தில் சின்னத் திருகு ஒன்று இருக்கும். கிரீமின் கெட்டியைத் தீர்மானிப்பது அது. உள்ளே திருகினால் துளை நடுத்தண்டுக்கு நெருங்கும், அங்கே இருக்கும் கொழுப்பு மிக்க பகுதி மட்டும் வெளியேறும், கிரீம் கெட்டியாகும். வெளியே திருகினால் நீர்க்கும். கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டாம். 35-லிருந்து 45 சதவீதத்துக்குள் இருப்பது வசதி. 60-ஐத் தாண்டினால் மூக்கிலேயே வெண்ணெயாகத் திரண்டு நிற்கத் தொடங்கும்.

திருகு சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? கிரீமைச் சோதிக்க வேண்டியதில்லை, நிறுத்தால் போதும். 7 சதவீதப் பால் 12 கிலோவில் 2.1 கிலோ கிரீம் வந்தால் அது 40 சதவீதம். 2.3 கிலோ வந்தால்? 12 கிலோவில் மொத்தக் கொழுப்பு 840 கிராம், ஸ்கிம் பாலுடன் சுமார் பத்து கிராம் போயிருக்கும், மீதி 830. அதை 2,300-ஆல் வகுத்தால் 36 சதவீதம். நெய் காய்ச்ச இதுவே போதும், திருகைத் தொட வேண்டாம்.

ஓட்டும் முறை

மேசை அசையக்கூடாது, ரசமட்டம் வைத்துப் பார்த்தால் மட்டமாக இருக்க வேண்டும், எந்திரத்தைப் போல்ட் போட்டு இறுக்குங்கள். கிண்ணத்தைச் சேர்க்கும்போது தட்டுகளில் எண் இருந்தால் அந்த வரிசையில். ஒரு தட்டு விட்டுப்போனாலும் கிண்ணம் சமநிலை இழக்கும். அடியில் ரப்பர் வளையம் பள்ளத்தில் முழுவதும் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மேல் மூடியிலும் அடித்தட்டிலும் குறி இருந்தால் இரண்டும் நேராக வர வேண்டும். கடைசியாக நட்டைச் சாவியால் இறுக்குங்கள்.

பாலின் சூடு 38-லிருந்து 40 டிகிரி. கறந்த கையோடு வடிகட்டி விட்டால் பெரும்பாலும் சூடாக்கவே வேண்டாம். ஆறிப்போயிருந்தால் கேனை வெந்நீர்த் தொட்டியில் நிறுத்திக் கலக்கிக்கொண்டே சூடேற்றுங்கள், நேரடி நெருப்பு வேண்டாம். 30 டிகிரிக்குக் கீழே பால் பிசுபிசுக்கும், கொழுப்புத் துளி ஒதுங்க நேரம் போதாமல் ஸ்கிம் பாலோடு போய்விடும். கை விட்டுப் பார்ப்பதை நம்ப வேண்டாம். ஒரு தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்கள்.

இனி வரிசை முக்கியம். குழாயை மூடி வைத்து மோட்டாரைப் போடுங்கள். ஓசை ஏறி ஒரே ஸ்ருதியில் நிற்கும்வரை காத்திருங்கள், ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். கைச்சுழற்று எந்திரமானால் பிடியில் ஒரு மணி இருக்கும், வேகம் குறைவாக இருக்கும்வரை அடிக்கும், சரியான வேகம் வந்ததும் நின்றுவிடும். கிண்ணம் வேகம் எடுக்குமுன் குழாயைத் திறந்தால், அத்தனை பாலும் பிரியாமலே இரண்டு மூக்கிலும் கலந்து கொட்டும்.

வேகம் வந்ததும் முதலில் ஒரு லிட்டர் 40 டிகிரி வெந்நீரை விடுங்கள். கிண்ணம் சூடேறும், ஒழுகல் இருந்தால் இப்போதே தெரியும். அப்புறம் பாலைத் திறக்கலாம். கிண்ணத்துக்குள் தங்கியிருந்த தண்ணீர் பாலோடு கலந்து வெளியே வரும், ஆகையால் முதல் கால் லிட்டரைத் தனிப் பாத்திரத்தில் பிடித்துக் கன்றுக்கு வைத்துவிடுங்கள். இதைக் கலவையில் சேர்த்தால் நாமே பாலில் தண்ணீர் ஊற்றியதாக ஆகும். இப்படிக் கன்றுக்குப் போவதையும் சேர்த்துத்தான் 12 கிலோ என்று கொஞ்சம் கூடுதலாக எடுத்தோம்.

குழாயை எந்திரத்தின் தயாரிப்பாளர் சொல்லியிருக்கும் அளவுக்குத் திறங்கள், பெரும்பாலும் முழுத் திறப்பு. மணிக்கு 60 லிட்டர் எந்திரமானால் 12 கிலோ பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடியும். தொட்டியில் பால் கடைசிவரை தொடர்ந்து இருக்கும்படி ஊற்றிக்கொண்டே இருங்கள். நடுவில் ஓட்டம் நின்றால் கிரீம் திடீரெனக் கெட்டியாகி அடைத்துக்கொள்ளும்.

தொட்டி காலியானதும் மோட்டாரை நிறுத்த வேண்டாம். கிண்ணத்தின் நடுவில் கிரீம் இன்னும் இருக்கிறது. மிஞ்சும் என்று சொன்ன முந்நூறு கிராமுக்கு இப்போதுதான் வேலை: முதலில் 9.6 கிலோ ஸ்கிம் பாலை நிறுத்து ஒதுக்கிவிட்டு, மீதியைத் தொட்டியில் ஊற்றி ஓடவிடுங்கள். அது உள்ளே இருக்கும் கிரீமைத் தள்ளிக்கொண்டு வரும். தண்ணீர் ஊற்றித் தள்ளுபவர்களும் உண்டு, கிரீம் நெய்க்குத்தான் என்றால் அதனால் பெரிய பாதகமில்லை. பிறகு மோட்டாரை நிறுத்தி, கிண்ணம் தானாக நிற்கும்வரை கையை வைக்காதீர்கள். துணியால் அழுத்தி நிறுத்தும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. அது விரலுக்கும் நல்லதல்ல, தண்டுக்கும் நல்லதல்ல.

கலப்பது

18 கிலோ முழுப்பால் கேனில் 9.6 கிலோ ஸ்கிம் பாலை ஊற்றுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தால் ஒன்றாகக் கலப்பது எளிது. ஸ்கிம் பாலின் நுரை அடங்கக் கால் மணி விட்டாலும் பரவாயில்லை, எடையைத்தான் பார்க்கிறோம். கலக்குக் கம்பியால் அடியிலிருந்து மேலாக இருபது முப்பது முறை. பிறகு ஒரு மாதிரி எடுத்துச் சோதியுங்கள்.

4.5-க்கும் 4.7-க்கும் இடையில் வந்தால் விட்டுவிடுங்கள். 4.9 என்று வந்தால் முழுப்பாலின் எண் தவறாக இருந்திருக்கலாம், அல்லது ஸ்கிம் பாலில் கொழுப்பு போயிருக்கிறது. இதைத் தனியே கண்டுபிடிக்க, அன்றைய ஸ்கிம் பாலை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் மேலே மஞ்சளோ வெள்ளையோ ஒரு கோடு தெளிவாகத் தெரிந்தால் எந்திரம் சரியாகப் பிரிக்கவில்லை. ஸ்கிம் பாலைச் சோதனையில் பார்த்தால் 0.1-ஐ ஒட்டி வர வேண்டும். 0.3-க்கு மேல் போனால் வரிசையாகப் பாருங்கள்: பால் ஆறியிருந்ததா, வேகம் குறைவா, குழாய் அதிகம் திறந்ததா, தட்டுகளில் அடைப்பா. என் அனுபவத்தில் இந்த வரிசைதான் சரி, பத்தில் பெரும்பாலும் முதலாவதுதான் காரணம். கிரீம் திருகைத் திருகி இதைச் சரிசெய்ய முயல்பவர்கள் கிரீமையும் சேர்த்துக் கெடுத்துக்கொள்வார்கள்.

4.3 என்று குறைவாக வந்தால் அன்றைய கிரீமில் கொஞ்சம் சேர்க்கலாம், இந்த ஒரு இடத்தில் கிரீமைத் தொட வேண்டியிருக்கிறது. 27.6 கிலோவுக்கு 0.3 சதவீதம் ஏற்ற ஏறக்குறைய 235 கிராம் 40 சதவீதக் கிரீம். கிரீம் 36 ஆக இருந்தாலும் பிழை 0.04-ஐத் தாண்டாது, சேர்க்கும் அளவு சிறியது என்பதால்.

எஸ்.என்.எஃப். பற்றிக் கவலை வேண்டாமா என்று கேட்பார்கள். எருமைப்பாலில் வேண்டாம். கொழுப்பை எடுத்தால் மற்ற திடப்பொருளின் பங்கு தானாக ஏறும். 7 சதவீதக் கொழுப்பும் 9.0 எஸ்.என்.எஃப்.-உம் உள்ள பால் 4.6-க்கு வரும்போது எஸ்.என்.எஃப். 9.2 ஆகிவிடும். பசும்பாலில்தான் இது இடிக்கும். 4.0 கொழுப்பு, 8.3 எஸ்.என்.எஃப். உள்ள பசும்பாலை 3.0 ஆக்கி டோன்டு பால் என்று விற்க நினைத்தால், எஸ்.என்.எஃப். 8.4-இல் நின்றுவிடும். தேவை 8.5. கிரீமை எவ்வளவு எடுத்தாலும் அந்தக் குறை தீராது, பால்பவுடர் சேர்க்க வேண்டிவரும். அது வேறு வேலை, வேறு கணக்கு.

கலந்த பாலை அப்படியே விற்பனைக்கு எடுத்துப்போகாதீர்கள். எந்திரம், கேன், கலக்குக் கம்பி என்று பல இடங்களில் பட்டு வந்திருக்கிறது, அதுவும் கிருமிகள் பெருக ஏற்ற சூட்டில். 63 டிகிரியில் 30 நிமிடம் வைத்து உடனே 5 டிகிரிக்குக் கீழே குளிர்விக்க வேண்டும். குளிர்விக்கும் வசதி இல்லாவிட்டால் இந்த வேலையையே தொடங்க வேண்டாம் என்பேன். கொழுப்பு எடுத்த பாலை எருமைப்பால் என்று சொல்லி விற்கவும் முடியாது. ஸ்டாண்டர்டைஸ்டு பால் என்று பெயர் சொல்லி, உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்து விற்க வேண்டும்.

கிரீமை உடனே குளிரவையுங்கள். இரண்டு கிலோ சொச்சம் கிரீமில் 830 கிராம் கொழுப்பு இருக்கிறது. கடைந்து உருக்கினால் முக்கால் கிலோவுக்குச் சற்று மேலாக நெய் எதிர்பார்க்கலாம். அரை கிலோதான் வருகிறது என்றால் கொழுப்பு மோரோடு போகிறது, எந்திரத்தைக் குறை சொல்ல வேண்டாம்.

கழுவுவது

ஓட்டி முடித்த அரை மணிக்குள் கழுவ வேண்டும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீர். எடுத்தவுடன் கொதிநீர் ஊற்றினால் பால்புரதம் தட்டுகளில் வெந்து ஒட்டிக்கொள்ளும். கிண்ணத்தைத் திறந்தால் உள்சுவரில் சாம்பல் நிறத்தில் வழுவழுப்பான படிவு இருக்கும். பாலில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த அழுக்கும் மடியின் உயிரணுக்களும் அதில் உண்டு. வழக்கத்தைவிட அது தடித்திருந்தால், அல்லது ரத்தச் சாயல் தெரிந்தால், எந்த எருமைக்காவது மடிநோய் தொடங்குகிறதா என்று பாருங்கள்.

தட்டுகளைக் கம்பியில் கோத்தே கழுவினால் வரிசை மாறாது. பிரஷ்ஷும் பாத்திரம் கழுவும் திரவமும் போதும். அலுமினியத் தட்டுகளாக இருந்தால் காஸ்டிக் சோடாவும் சலவைச் சோடாவும் பட்டால் அரித்துவிடும், அவற்றை இங்கே பயன்படுத்த வேண்டாம். கடைசியில் கொதிநீர் ஊற்றி, துடைக்காமல் தனித்தனியாகக் கவிழ்த்துக் காயவிடுங்கள். கிண்ணத்தைச் சேர்த்து வைக்க வேண்டாம், உள்ளே ஈரம் தங்கி மறுநாள் புளித்த வாடை அடிக்கும். ரப்பர் வளையத்தைக் கழற்றித் தனியே வையுங்கள். அது நாள்பட நாள்பட நீண்டு தளர்ந்து, ஒருநாள் பள்ளத்தில் உட்காராமல் கிண்ணத்தின் ஓரமாகப் பால் கசியத் தொடங்கும். எந்திரம் வாங்கும்போதே இரண்டு வளையம் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.